அடைப்பை நீக்கினால் இதயத்தின் பம்பிங் திரும்புமா? உயிருள்ள இதயத் தசையைக் கண்டறிந்து முடிவெடுப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஆஞ்சியோகிராமில் மூன்று இரத்தக் குழாய்களிலும் அடைப்பு இருக்கிறது. எக்கோவில் பம்பிங் 30 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்றாகச் சொல்லப்படும்போது நோயாளியின் குடும்பத்தார் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: ஸ்டென்ட் வைத்தாலோ பைபாஸ் செய்தாலோ பம்பிங் பழைய நிலைக்கு வருமா? இதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது. பம்பிங் குறைந்திருப்பது தசை செத்துப்போனதாலா, உயிரோடு இருந்தும் வேலை செய்யாததாலா என்பதைப் பொறுத்தே பதில் அமையும். பம்பிங் கூடுவதும் ஆயுள் கூடுவதும் ஒன்றல்ல என்பதையும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடந்த சில ஆண்டுகளில் வெளிவந்த பெரிய ஆய்வுகள் இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியிருக்கின்றன.

பம்பிங் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஈ.எஃப். என்ற அளவு. இதயத்தின் இடது கீழறை நிரம்பியிருக்கும்போது அதில் உள்ள இரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதை அது காட்டுகிறது. நல்ல இதயத்தில் அது ஏறத்தாழ 55 சதவீதத்துக்கு மேல் இருக்கும்.

முதல் படி: அசையாத தசையின் மூன்று நிலைகளைப் பிரித்தறிதல்

எக்கோவில் இதயச் சுவரின் ஒரு பகுதி அசையவில்லை என்றால், அதற்குப் பின்னால் மூன்று நிலைகள் இருக்கலாம்.

முதலாவது, மருத்துவர்கள் 'ஸ்டன்னிங்' என்று குறிப்பிடும் திகைத்த தசை. இரத்தக் குழாய் சிறிது நேரம் அடைபட்டுப் பிறகு திறந்துவிட்டால், இரத்த ஓட்டம் உடனே திரும்பினாலும் தசையின் இயக்கம் உடனே திரும்புவதில்லை. 1975-இல் ஹெய்ன்ட்ரிக்ஸும் அவருடைய குழுவினரும் நாய்களின் இதயக் குழாயைச் சில நிமிடங்கள் மட்டும் அடைத்துத் திறந்தபோது, தசை சாகவில்லை என்றாலும் அது பல மணி நேரம் சரியாகச் சுருங்காமல் இருந்ததைக் கண்டார்கள். 1982-இல் பிரான்வால்டும் க்ளோனரும் இந்த நிலையைத் தனியாக வரையறுத்தார்கள். இரத்தம் திரும்பப் பாயும் தருணத்தில் உருவாகும் ஆக்சிஜன் ரேடிகல்களும், செல்லுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிச் சேர்வதும், சுருங்கும் இழைகள் அதே கால்சியத்துக்கு முன்போல் இணங்காமல் போவதும் இதற்குக் காரணங்கள். பொதுவாகச் சில நாள்களிலிருந்து சில வாரங்களுக்குள் இத்தசை தானாகவே மீளும்.

இரண்டாவது, உறங்கும் தசை. இதையே 'ஹைபர்நேட்டிங்' என்பார்கள். 1980-களில் ரஹிம்தூலா, நாள்பட்ட அடைப்பால் அசைவிழந்த இதயச் சுவர்கள் பைபாஸுக்குப் பிறகு மீண்டும் அசைவதைச் சுட்டிக்காட்டி இக்கருத்தை நிலைநிறுத்தினார். இங்கே குழாய் முழுவதுமாக அடைபடாமல், மாதக்கணக்காக, சிலருக்கு ஆண்டுக்கணக்காக, குறுகியே இருக்கும். ஓய்வு நிலையிலேயே இரத்தம் குறைவாக வருவதாலோ, சிறு உழைப்பின்போதும் மீண்டும் மீண்டும் திகைப்பு நேர்வதாலோ, தசை செல் தன் வேலையைக் குறைத்துக்கொண்டு உயிரை மட்டும் காத்துக்கொள்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தச் செல்லின் சுருங்கும் இழைகள் குறைந்து, அந்த இடத்தில் கிளைகோஜன் நிறைந்திருக்கும். இழைகள் மீண்டும் கட்டப்பட வேண்டியிருப்பதால், இரத்த ஓட்டம் சரியான பிறகும் மீட்சிக்குப் பல மாதங்கள் ஆகும். ஓராண்டைக் கடந்து மீண்டவர்களும் உண்டு. நீண்ட நாள் இப்படியே விடப்பட்டால் இந்தச் செல்கள் சிறிது சிறிதாக அழிந்து, அந்த இடத்தில் நார்த்திசு வளரத் தொடங்கும்.

மூன்றாவது, தழும்பு. மாரடைப்பில் செத்துப்போன தசை நாராக மாறிய இடம் அது. எந்தக் குழாயைத் திறந்தாலும் அது மீண்டும் சுருங்காது.

ஒரே சுவரில் இவை கலந்தே இருக்கும் என்பதுதான் நடைமுறைச் சிக்கல். மாரடைப்பின்போது தசைச் சாவு சுவரின் உட்புறத்தில் தொடங்கி வெளிப்புறம் நோக்கிப் பரவும். ஆகவே பாதியில் இரத்த ஓட்டம் திரும்பிய சுவரில் உள்பாதி தழும்பாகவும், வெளிப்பாதி உயிருள்ள தசையாகவும் இருக்கலாம். 'உயிர் இருக்கிறதா, இல்லையா' என்பதைவிட 'எத்தனை பங்கு உயிர் இருக்கிறது' என்று கேட்பதே சரியானது.

இரண்டாம் படி: காலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தல்

மாரடைப்புக்கு அவசர ஸ்டென்ட் வைத்த மறுநாள் எடுத்த எக்கோவில் பம்பிங் 30 என்று வந்தால், அதை நிரந்தர அளவாகக் கொள்ளக் கூடாது. அதில் திகைத்த தசையின் பங்கு எவ்வளவு என்பது அன்று தெரியாது. திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவியைப் பொருத்தும் முடிவுக்கு, மாரடைப்பிலிருந்து குறைந்தது 40 நாள்களும், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்திருந்தால் 90 நாள்களும் காத்திருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்வதற்கு இதுவும் முக்கியக் காரணம். இந்த இடைவெளியில் மருந்துகளைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு எக்கோவை மறுபடி எடுக்க வேண்டும்.

அசையாத தசையில் எத்தனை பங்கு உயிர் இருக்கிறது என்று பார்க்கும் உயிர்த்தன்மைச் சோதனை எல்லோருக்கும் தேவையில்லை. உழைத்தால் நெஞ்சுவலி வருகிறது, சுவர் ஓரளவு நன்றாகவே அசைகிறது என்றால் அங்கே உயிருள்ள தசை இருப்பது வெளிப்படை. இச்சோதனை உதவும் இடம் வேறு. பம்பிங் 35 அல்லது அதற்கும் கீழே, பல குழாய்களில் அடைப்பு, நெஞ்சுவலியைவிட மூச்சிரைப்பே முதன்மைத் தொல்லை, அறுவைச் சிகிச்சையின் ஆபத்தும் கணிசமாக இருக்கிறது என்ற நிலையில், அந்த ஆபத்தை ஏற்பதால் கிடைக்கக்கூடியது எவ்வளவு என்று எடைபோடுவதற்கே அது பயன்படுகிறது.

மூன்றாம் படி: சோதனையைத் தேர்ந்தெடுத்து, அது எதை அளக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுதல்

குறைந்த அளவு டோபுடமின் எக்கோ, தசையைச் சற்றுத் தூண்டிப் பார்க்கும் சோதனை. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று மருந்தைச் சிரை வழியே தொடங்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை 10, 20 என்று உயர்த்தி, தேவைப்பட்டால் 40 வரை கொண்டுசெல்வார்கள். ஒவ்வொரு நிலையிலும் சுவர்களின் அசைவு பதிவாகும். அசையாத ஒரு பகுதி குறைந்த அளவில் சுருங்கத் தொடங்கி, அளவு கூடியதும் மீண்டும் நின்றுபோனால் அதுவே மிகவும் பொருள் பொதிந்த பதில். சுருங்கும் திறன் மிச்சமிருக்கிறது, ஆனால் அதற்குத் தேவையான இரத்தம் வந்து சேரவில்லை என்று அது காட்டுகிறது. இதை இரு கட்ட மாற்றம் என்பார்கள். அளவு கூடக் கூட அசைவும் கூடிக்கொண்டே போனால், தசைக்கு உயிரும் இருக்கிறது, ஓட்டமும் பெரும்பாலும் போதுமானது என்று பொருள். எந்த மாற்றமும் இல்லையென்றால் தழும்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பீட்டா பிளாக்கர் மாத்திரை டோபுடமினின் தூண்டலை மட்டுப்படுத்தக் கூடும் என்பதால், நோயாளி என்ன மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறார் என்பது சோதனை செய்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாலியம் ஸ்கேனும் பெட் ஸ்கேனும் வேறொன்றை அளக்கின்றன. செல்லின் சவ்வு வேலை செய்கிறதா, அது எரிபொருளை உள்ளே இழுக்கிறதா என்பதே அவற்றின் கேள்வி. பெட் ஸ்கேனில் இரத்த ஓட்டம் குறைந்த இடத்தில் குளுக்கோஸ் ஏற்பு காப்பாற்றப்பட்டிருந்தால் அது உறங்கும் தசையின் அடையாளம். இரண்டுமே குறைந்திருந்தால் தழும்பு. சர்க்கரை நோயாளிகளிடம் இங்கே ஒரு தவறு நேரலாம். இன்சுலின் சரியாகச் செயல்படாத நிலையில் உயிருள்ள தசையும் குளுக்கோஸை நன்றாக ஏற்காது. படம் மங்கலாகி, உள்ளதும் இல்லாததுபோல் தெரியும். அதனால்தான் இரத்தச் சர்க்கரையைப் பார்த்துப் பார்த்து இன்சுலினும் குளுக்கோஸும் கொடுத்து ஆயத்தம் செய்த பிறகே இந்த ஸ்கேன் எடுக்கப்படுகிறது.

இந்த இரு வகைச் சோதனைகளும் சில நேரம் முரண்படும். ஸ்கேன் 'உயிர் இருக்கிறது' என்னும், டோபுடமின் 'அசைவு இல்லை' என்னும். இரண்டும் சரியாகவே இருக்கலாம். செல் உயிரோடு இருக்கச் சவ்வு ஒழுங்காக இருந்தால் போதும். சுருங்குவதற்கோ போதுமான இழைகள் வேண்டும். நெடுநாள் உறங்கிய செல்லில் இழைகள் பெரும்பகுதி போயிருக்கும். ஆகவே அணுக்கதிர் ஸ்கேன்கள் உயிருள்ள தசையை அதிகமாகக் கண்டுபிடிக்கும். டோபுடமின் எக்கோ, மீளப்போகும் தசையைக் கூடுதல் உறுதியுடன் சுட்டும்.

எம்.ஆர்.ஐ. தழும்பையே நேரடியாகக் காட்டுகிறது. கடோலினியம் என்ற, படத்தைத் துலக்கிக் காட்டும் மருந்தைச் செலுத்திப் பத்து நிமிடங்களுக்கு மேல் காத்திருந்து படமெடுத்தால், தழும்பு வெள்ளையாகவும் உயிருள்ள தசை கருமையாகவும் தெரியும். சுவரின் தடிமனில் எத்தனை பங்கு வெண்மை என்பதை அளக்கலாம். 2000-ஆம் ஆண்டில் ரேமண்ட் கிம் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இன்றும் இதற்கு அடிப்படையாக நிற்கிறது. அசைவு குறைந்திருந்த பகுதிகளில், தழும்பே இல்லாதவற்றுள் 78 சதவீதம் சிகிச்சைக்குப் பின் மேம்பட்டன. தழும்பு சுவரின் கால் பங்குக்குள் இருந்தால் ஏறத்தாழ 60 சதவீதமும், கால் முதல் அரைப் பங்கு என்றால் ஏறத்தாழ 40 சதவீதமும், அரை முதல் முக்கால் என்றால் 10 சதவீதமும் மேம்பட்டன. முக்கால் பங்கைத் தாண்டிய பகுதிகளில் மீட்சி ஏறக்குறைய இல்லவே இல்லை.

இந்த எண்களின் நடுப்பகுதியை நான் எப்போதும் இருமுறை பார்க்கச் சொல்வேன். அரைப் பங்கு தழும்புள்ள சுவரைப் பற்றி எம்.ஆர்.ஐ. உறுதியாக எதுவும் சொல்வதில்லை. அங்கேதான் டோபுடமின் சோதனையையும் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும். சுவர் மெலிந்திருப்பதை மட்டும் வைத்து 'செத்த தசை' என்று முடிவுகட்டுவதும் சரியல்ல; மெலிந்த சுவரில் தழும்பு குறைவாக இருந்து, இரத்த ஓட்டம் சரியான பிறகு அது மீண்டும் தடித்த நிகழ்வுகள் ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. சிறுநீரகம் மிகவும் பழுதுபட்டவர்களுக்குக் கடோலினியம் தருவதில் எச்சரிக்கை தேவை. பழைய பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க முடியுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காம் படி: ஆய்வுகள் எதைச் சொல்கின்றன என்பதை அறிதல்

முன்பு கணக்கு எளிதாகத் தோன்றியது. உயிருள்ள தசை இருந்தால் குழாயைத் திற. இல்லையென்றால் மருந்தோடு நிறுத்து. 2002-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் இது சரியென்றே தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் யாருக்கு அறுவை, யாருக்கு மருந்து என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படவில்லை. உடல்நிலை நன்றாக இருந்தவர்களே அறுவைக்கு அனுப்பப்பட்டிருக்கக் கூடும்.

ஸ்டிச் என்ற ஆய்வு, பம்பிங் 35 அல்லது அதற்குக் கீழே உள்ள 1,212 பேரைப் பைபாஸ், மருந்து என்று குலுக்கல் முறையில் பிரித்தது. 2011-இல் வந்த முதல் முடிவில் மொத்த மரணங்களில் தெளிவான வேறுபாடு இல்லை. பத்தாண்டு கழிந்தபோது பைபாஸ் குழுவில் 58.9 சதவீதமும் மருந்துக் குழுவில் 66.1 சதவீதமும் இறந்திருந்தார்கள். அறுவையின் தொடக்க கால ஆபத்தைத் தாண்டிய பிறகே பலன் தெரிந்தது. இந்த ஆய்வில் 601 பேருக்கு உயிர்த்தன்மைச் சோதனையும் செய்யப்பட்டது. உயிருள்ள தசை அதிகமாக இருந்தவர்களின் பம்பிங் காலப்போக்கில் கூடியது; ஆனால் அது பைபாஸ் செய்தவர்களிடமும் செய்யாதவர்களிடமும் கூடியது. பைபாஸால் யாருக்கு ஆயுள் நீளும் என்பதை உயிர்த்தன்மை பிரித்துக் காட்டவில்லை. இந்த முடிவுக்கும் ஓர் எல்லை உண்டு: உயிருள்ள தசை போதாது என்று வகைப்படுத்தப்பட்டவர்கள் 114 பேர்தான், எம்.ஆர்.ஐ.யும் பெட் ஸ்கேனும் அதில் பயன்படுத்தப்படவில்லை.

2022-இல் பிரிட்டனிலிருந்து வந்த ரிவைவ்ட் ஆய்வு, ஸ்டென்ட்டைப் பற்றிய கேள்வியை நேரடியாக எழுப்பியது. பம்பிங் 35-க்குள் இருந்து, குறைந்தது நான்கு அசைவுகுன்றிய பகுதிகளில் உயிர் இருப்பது உறுதியான 700 பேர் இதில் சேர்க்கப்பட்டார்கள். உறங்கும் தசைக் கோட்பாடு முழுவதும் சரியென்றால் ஸ்டென்ட் வைத்தவர்களின் பம்பிங் தெளிவாக உயர்ந்திருக்க வேண்டும். ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் இரு குழுக்களின் பம்பிங்குக்கும் வேறுபாடு இல்லை. மரணமோ இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதோ ஸ்டென்ட் குழுவில் 37.2 சதவீதம், மருந்துக் குழுவில் 38 சதவீதம். பின்னர் நடந்த பகுப்பாய்வில், உயிருள்ள தசையின் அளவைவிட மொத்தத் தழும்பின் அளவே எதிர்காலத்தைக் கூடுதலாகக் காட்டியது.

இதனால் உறங்கும் தசை என்பதே இல்லை என்று ஆகிவிடாது. உறக்கத்திலிருந்து எழுப்ப இரத்த ஓட்டம் ஒன்றுதான் வழி என்ற எண்ணமே தளர்ந்திருக்கிறது. 2003-இல் வெளியான கிறிஸ்துமஸ் என்ற ஆய்வில், கார்வெடிலால் என்ற பீட்டா பிளாக்கரால் பம்பிங் உயர்ந்தது. உறங்கும் தசை கூடுதலாக இருந்தவர்களிடம் அந்த உயர்வும் கூடுதலாக இருந்தது. தசையின் ஆக்சிஜன் தேவையைக் குறைத்தாலும் வரவுக்கும் செலவுக்கும் இடையிலான இடைவெளி குறைகிறது அல்லவா? பைபாஸின் நீண்டகாலப் பலனுக்கு, பம்பிங் கூடுவதைவிட, குழாயின் மேற்பகுதியில் புதிதாக அடைப்பு வெடித்தாலும் கீழ்ப்பகுதிக்கு இரத்தம் தடைபடாமல் போவதே காரணமாக இருக்கலாம் என்பது பலர் ஏற்கும் விளக்கம்.

ஐந்தாம் படி: ஒருவரின் அறிக்கையை வைத்துக் கணக்கிடுதல்

எடுத்துக்காட்டாக இப்படி ஒருவரை அமைத்துக்கொள்வோம். வயது 58, சர்க்கரை நோய் உண்டு. எட்டு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, மருத்துவமனைக்குத் தாமதமாகச் சென்றவர். இப்போது நெஞ்சுவலி இல்லை. மாடிப்படி ஏறினால் மூச்சிரைக்கிறது. இடது கீழறை நிரம்பியிருக்கும்போது 180 மி.லி., சுருங்கிய பின் 130 மி.லி. ஆகவே ஒரு துடிப்பில் 50 மி.லி. வெளியேறுகிறது, பம்பிங் 28 சதவீதம். முன்புறத்து எல்.ஏ.டி. குழாய் நடுவில் முழுமையாக அடைபட்டிருக்கிறது. வலது குழாயில் 90 சதவீதமும், சர்க்கம்ஃப்ளெக்ஸ் என்ற இடப்பக்கக் குழாயில் 80 சதவீதமும் அடைப்பு.

எம்.ஆர்.ஐ. அறிக்கை இதயச் சுவரை 17 கூறுகளாகப் பிரித்துச் சொல்லும். இவருக்கு 4 கூறுகள் நன்றாக அசைகின்றன. எல்.ஏ.டி.யின் எல்லையில் 6 கூறுகளில் தழும்பு முக்கால் பங்குக்கு மேல். கீழ்ச்சுவரிலும் பக்கச்சுவரிலும் அசைவு குறைந்த 7 கூறுகளுள் 5-இல் தழும்பு இல்லை அல்லது கால் பங்குக்குள். மீதி 2-இல் கால் முதல் அரைப் பங்கு.

கிம் ஆய்வின் விகிதங்களை இங்கே பொருத்தினால், அந்த 5 கூறுகளில் மூன்றோ நான்கோ மேம்படும் என்றும், மற்ற 2-இல் ஒன்று மேம்படலாம் என்றும், முன்புறத்து 6 கூறுகளில் எதுவும் மாறாது என்றும் எதிர்பார்க்கலாம். நிரம்பிய அளவு 165 ஆகவும் சுருங்கிய அளவு 105 ஆகவும் குறைந்தால் பம்பிங் 36 சதவீதம் ஆகும். ஆகவே குடும்பத்தாரிடம் '28 என்பது 35-ஐ ஒட்டி வரக்கூடும். 55-க்குத் திரும்பாது' என்று சொல்வதே நேர்மையான பதில். மேலும், இந்த விகிதங்கள் மருந்து மட்டும் எடுத்துக்கொண்ட ஒரு குழுவோடு ஒப்பிட்டுப் பெறப்பட்டவை அல்ல; ஆகவே அந்த உயர்வில் ஒரு பகுதி மருந்தாலேயே வரக்கூடியது என்பதையும் மறைக்கக் கூடாது.

சுருங்கிய நிலையின் அளவையும் கவனிக்க வேண்டும். 140 மி.லி.யைக் கடந்து இதயம் பெருத்துவிட்டால், உயிருள்ள தசை இருந்தும் பம்பிங் மேம்படும் வாய்ப்பு குறைகிறது. சுவர் இழுபட்டு அறையின் வடிவமே மாறிவிடுவதுதான் காரணம். இவருடைய 130 அந்த வரம்பை ஒட்டி நிற்கிறது. முடிவைத் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

முதலில் செய்ய வேண்டியது, இதயச் செயலிழப்புக்கான நான்கு வகை மருந்துகளையும் தொடங்கி, இரத்த அழுத்தமும் சிறுநீரகமும் தாங்கும் அளவுக்கு உயர்த்துவது: பீட்டா பிளாக்கர், சாகுபிட்ரில்–வால்சார்டான் அல்லது அதற்கு இணையானது, ஸ்பைரோனோலாக்டோன் வகை, எஸ்.ஜி.எல்.டி.2 தடுப்பான். அடுத்து, இதய மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுப்பது. சர்க்கரை நோயும் மூன்று குழாய் அடைப்பும் பம்பிங் குறைவும் சேர்ந்த இவருக்குக் குழாய்கள் ஒட்டுப்போடத் தகுந்தவையாக இருந்தால், பைபாஸின் பக்கமே சான்று கூடுதலாக இருக்கிறது என்பது என் கருத்து. பம்பிங்கை உயர்த்துவதற்காக என்று சொல்லி எல்.ஏ.டி.யின் முழு அடைப்பை ஸ்டென்ட்டால் திறக்க முயல்வதற்கு இந்த அறிக்கையில் ஆதாரம் இல்லை. அதேபோல, தழும்பு மிகுந்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பைபாஸை மறுப்பதற்கும் ஸ்டிச் இடம் தரவில்லை.

ஆறாம் படி: பின்தொடர்ந்து பார்த்தல்

அறுவைக்குப் பின் முதல் வாரத்து எக்கோ சிகிச்சையின் பலனைக் காட்டாது; அறுவையின்போது இதயம் நிறுத்தப்பட்டதாலேயே புதிய திகைப்பு ஏற்பட்டிருக்கலாம். மூன்று மாதம் கழித்து எடுக்கும் எக்கோவில் பம்பிங் இன்னும் 35-ஐத் தாண்டவில்லையென்றால் ஐ.சி.டி. பற்றிப் பேச வேண்டும். ஆறாம் மாதத்திலும் ஓராண்டிலும் மீண்டும் பார்க்க வேண்டும். கூடுமானவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் அளப்பது முக்கியம். இருவர் அளந்தாலே ஈ.எஃப். ஐந்து புள்ளி வரை மாறலாம் என்பதால், 30 என்பது 34 ஆனதை உடனே முன்னேற்றம் என்று கொண்டாடவும் முடியாது, 34 என்பது 30 ஆனதைக் கண்டு கலங்கவும் வேண்டாம். சுருங்கிய நிலையின் அளவு குறைந்திருக்கிறதா, கீழ்ச்சுவரும் பக்கச்சுவரும் முன்பைவிட அசைகின்றனவா என்பவற்றைக் கேளுங்கள். மீளும் என்று எதிர்பார்த்த அந்த 5 கூறுகளும் ஓராண்டாகியும் அசையவில்லையென்றால், ஒட்டுக் குழாய் திறந்திருக்கிறதா என்று சி.டி. ஆஞ்சியோ எடுத்துப் பார்ப்பதும், மருந்துகள் முழு அளவை எட்டினவா என்று சரிபார்ப்பதும் அடுத்த வேலைகள்.